‘பார்க்கலாம்’ என்று சொல்லித் தப்பிக்கிறவர்களுக்கு: ஜாமீன் கையெழுத்து கேட்டால் மறுப்பது எப்படி

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் புடவை எடுக்கப் போனால் கடைப் பையன் நாம் கேட்காமலேயே இருபது புடவையைப் பிரித்துப் போட்டுவிடுவான். எதுவுமே பிடிக்காது. ஆனாலும் இத்தனையையும் அவன் மறுபடி மடிக்க வேண்டுமே என்று ஒன்றை வாங்கிக்கொண்டு வருவேன். அப்படி வந்த புடவைகள் என் பீரோவில் ஒன்பது இருக்கின்றன, ஒன்றையும் நான் கட்டியதில்லை.

புடவையோடு போயிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். இதே பழக்கத்தில்தான் கூட வேலை பார்த்தவர் ஒருவருக்கு ஜாமீன் கையெழுத்து போட்டேன். அவர் எடுத்த கடன் 2,00,000 ரூபாய். பதினொரு மாதம் கட்டினார், அப்புறம் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். ஜாமீன் போட்ட இரண்டு பேர் சம்பளத்திலும் பிடித்தார்கள். எனக்கு மாதம் 3,100 ரூபாய், 28 மாதம், மொத்தம் 86,800. கையெழுத்து போட்ட அன்று எனக்கு விருப்பமே இல்லை என்பதுதான் இதில் வேடிக்கை. அவர் கேட்டபோது “பார்க்கலாம் சார்” என்று சொன்னேன். மறுநாள் அவர் படிவத்தோடு வந்து நின்றார்.

மாதச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு, அதிலும் எங்கள் தண்டையார்பேட்டை மாதிரி சம்பளச் சீட்டு வைத்திருப்பவர்கள் தெருவுக்கு நாலு பேர்தான் என்று இருக்கும் இடத்தில், இந்தக் கேள்வி வருடத்துக்கு ஒரு தடவையாவது வாசலுக்கு வரும். அதனால் எல்லா விதமான மறுப்பையும் பற்றி எழுதாமல் இந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இதில் பழகினால் மற்றவை சுலபம், ஏனென்றால் கேட்கிறவர் பெரும்பாலும் நமக்கு வேண்டியவராகவே இருப்பார்.

முதலில் உங்கள் ‘சரி’யைப் பிடியுங்கள்

ஒரு வாரம் யாருக்கும் எதையும் மறுக்க வேண்டாம். சின்ன நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள்: யார் கேட்டார், என்ன கேட்டார், என் வாயில் முதலில் வந்த வார்த்தை என்ன. அவ்வளவுதான். நான் எழுதிப் பார்த்தபோது ஏழு நாளில் பதினான்கு வரிகள் வந்தன, அதில் ஒன்பது இடத்தில் முதல் வார்த்தை “பார்க்கலாம்”.

இதைக் கொஞ்சம் யோசியுங்கள். நாம் “பார்க்கலாம்” என்று சொல்வது, மறுத்துவிட்டோம், அவரே புரிந்துகொள்வார் என்ற நினைப்பில். கேட்டவர் காதில் விழுவது “செய்கிறேன், கொஞ்சம் நேரம் கொடு” என்று. அவர் ஏமாற்றுகிறார் என்றும் சொல்ல முடியாது, அந்த வார்த்தைக்கு அந்த அர்த்தமும் உண்டுதானே. பிறகு அவர் நம்மை நம்பி வேறு யாரையும் கேட்காமல் இருந்துவிடுவார், கடைசி நேரத்தில் நாம் மறுத்தால் அது நிஜமாகவே துரோகம் மாதிரி ஆகிவிடும். உறுத்தலில் பாதி மறுப்பதால் வருவதில்லை, தாமதமாக மறுப்பதால் வருகிறது.

கேட்கிறவர்களுக்கு நம் தவிப்பு தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஃபிளின், லேக் என்று இரண்டு ஆய்வாளர்கள் 2008-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. முன்பின் தெரியாதவர்களிடம் போய் ஒரு கேள்வித்தாளை நிரப்பித் தரக் கேட்க வேண்டும். ஐந்து பேரைச் சம்மதிக்க வைக்க எத்தனை பேரைக் கேட்க வேண்டியிருக்கும் என்றதற்கு, கேட்கப் போகிறவர்கள் சுமார் இருபது என்றார்கள். நிஜத்தில் பத்துப் பேர் அளவே போதுமாக இருந்தது. முகத்துக்கு நேரே மறுப்பது எதிராளிக்கு எவ்வளவு கஷ்டம் என்று கேட்கிறவருக்கு உறைப்பதில்லை. ஆகவே அவர் நம்மை நெருக்குகிறார் என்று கோபப்படத் தேவையில்லை. பல சமயம் நெருக்குவதே அவருக்குத் தெரியாது.

என்ன கேட்கிறார்கள் என்று கணக்கு போடுங்கள்

“ஒரு கையெழுத்துதானே” என்பார்கள். அந்த ‘தானே’தான் நம்மை வீழ்த்துவது. இவ்வளவு சின்ன விஷயத்தை மறுக்கிறோமே என்று மனசு கேட்காது. அது சின்ன விஷயமா என்று தெரிந்துகொண்டால் அந்த மனசே கொஞ்சம் அடங்கும்.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 128-ஆம் பிரிவு சொல்வது இது: ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன் போட்டவருக்கும் அவ்வளவு பொறுப்பு. முதலில் அவரிடம் கேட்டு, வழக்கு போட்டு, வராவிட்டால்தான் நம்மிடம் வருவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அவர் கட்டாமல் விட்டதும் கடன் கொடுத்தவர் நேராக நம்மிடம் வரலாம், உச்ச நீதிமன்றமும் இதைச் சொல்லியிருக்கிறது. போதாததற்கு அந்தக் கடன் நம்முடைய சிபில் அறிக்கையிலும் ஏறும். நாளைக்கு நாம் வீட்டுக் கடன் கேட்கும்போது அது அங்கே வந்து நிற்கும்.

சரி, என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். போன வருடம் என் கொழுந்தனார் ஒரு குட்டியானை வண்டி வாங்க வந்து நின்றார். பழைய வண்டிதான், 5,00,000 ரூபாய் ஃபைனான்ஸ், 14 சதவீத வட்டி, 48 தவணை. ஞாயிற்றுக்கிழமை மதியம், மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், சாப்பாட்டுத் தட்டு இன்னும் எடுக்கவில்லை.

“அண்ணி, உங்க சம்பளச் சீட்டும் ஒரு கையெழுத்தும் போதும்னு சொல்றாங்க. இன்னா அண்ணி, போட்ருவீங்கல்ல?”

வாய் வரைக்கும் “பார்க்கலாம் தம்பி” வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு இதைச் சொன்னேன்: “தம்பி, இப்ப பதில் சொல்ல மாட்டேன். வியாழக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு நானே போன் பண்ணிச் சொல்றேன்.”

இதற்கும் ‘பார்க்கலாம்’ என்பதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பீர்கள். இதில் நாள் இருக்கிறது, மணி இருக்கிறது, கூப்பிட வேண்டிய பொறுப்பு என்னிடம் இருக்கிறது. அவர் காத்துக்கொண்டு தொங்க வேண்டியதில்லை, நானும் அவர் எண்ணைப் பார்த்து போனைக் கவிழ்த்து வைக்க வேண்டியதில்லை. நாலு நாளைக்கு மேல் தள்ளாதீர்கள், தள்ளினால் அதுவும் ‘பார்க்கலாம்’ ஆகிவிடும்.

அந்த நாலு நாளில் நான் செய்தது ஒரு கணக்கு. மாதத் தவணை சுமார் 13,660 ரூபாய் வருகிறது. அவர் பத்து மாதம் கட்டிவிட்டு நிறுத்தினால் மிச்சம் 38 தவணை, அதாவது 5,19,000 ரூபாய்க்கு மேல், அபராதம் தனி. என் சம்பளம் 27,000. வண்டியை விற்றாலும் முழுக்கக் கழியாது. நோட்டில் இதை எழுதி அடியில் ஒரு கேள்வி எழுதினேன்: இந்தத் தொகையை அவருக்குச் சும்மா கொடுப்பேனா? கொடுக்க மாட்டேன். அப்படியானால் கையெழுத்தும் இல்லை. அவர் நல்லவரா, உழைப்பாளியா என்ற கேள்வியை நான் தொடவே இல்லை. அவர் இரண்டும்தான். லோடு கிடைக்காத மாதத்தில் நல்லவராலும் தவணை கட்ட முடியாது.

எந்த வினைச்சொல்லைப் போடுவது

இந்தப் பகுதிதான் எனக்குப் பல வருடம் பிடிபடாமல் இருந்தது. தமிழில் மறுக்க மூன்று வழி இருக்கிறது, மூன்றுக்கும் விளைவு வேறு.

“என்னால முடியாது” என்றால் வழி இருந்தால் செய்வேன் என்று அர்த்தமாகிறது. உடனே எதிராளி வழி தேட ஆரம்பிப்பார். சம்பளச் சீட்டு இல்லை என்றால் ஆபீஸில் வாங்கலாம் என்பார், லீவு இல்லை என்றால் ஏஜென்டை வீட்டுக்கே வரச் சொல்கிறேன் என்பார். “போட மாட்டேன்” என்பது உனக்குப் போட மாட்டேன் என்று கேட்கும். சண்டைக்கு நிற்கிற வார்த்தை அது, பழக்கமில்லாதவர்களுக்கு வாயிலும் வராது. மூன்றாவது, “நான் யாருக்கும் ஜாமீன் போடுறதில்ல.” இது நம்முடைய வழக்கத்தைச் சொல்கிறது. இதில் எதிராளியைப் பற்றி ஒன்றுமே இல்லை. மரக்கறி சாப்பிடுகிறவர் “நான் மீன் சாப்பிடுறதில்லை” என்று சொன்னால் காசிமேட்டில் யாரும் கோபித்துக்கொள்வதில்லை அல்லவா, அந்த மாதிரி.

காரணம் சொல்லாதீர்கள். நல்லவர்கள் விழுகிற குழி இது. மறுப்பது மரியாதைக் குறைவாகத் தெரியும், அதனால் ஒரு காரணத்தைப் போர்த்திக் கொடுப்போம். “இந்த மாசம் கொஞ்சம் கஷ்டம் தம்பி” என்றால் “பரவால்ல அண்ணி, அடுத்த மாசம் எடுத்துக்கறேன்” என்று வரும். இன்னும் மோசமானது “அவர் வேணாம்னு சொல்லிட்டாரு” என்பது. எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் பயன்படுத்துகிற கேடயம் இது. அன்றைக்கு நன்றாக வேலை செய்யும். அப்புறம் தம்பி அண்ணனிடம் போவார், அண்ணன் நம்மைப் பார்ப்பார். நான் முன்கூட்டியே என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். “உன் சம்பளம், உன் கையெழுத்து. ஆனா நீயே சொல்லிடு, என்னை இழுக்காத” என்றார். அது போதும்.

வியாழக்கிழமை எட்டு மணிக்குக் கூப்பிட்டேன். அடுத்த குடித்தனத்துக்கும் எங்களுக்கும் ஒரே சுவர் என்பதால் மொட்டை மாடிக்குப் போய்த்தான் பேசினேன். சொல்ல வேண்டியதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருந்தேன், இல்லாவிட்டால் நான் உளறிவிடுவேன்.

“தம்பி, யோசிச்சேன். நான் யாருக்கும் ஜாமீன் போடுறதில்ல. நீங்க வேற ஆளைக் கேக்கணும்னுதான் இன்னைக்கே சொல்றேன்.”

“இன்னா அண்ணி, வெளியாள் மாதிரி பேசுறீங்க. நான் கட்ட மாட்டேன்னு நினைக்கிறீங்களா?”

“நீங்க கட்டுவீங்க. ஆனா ஜாமீன் போடுறதில்ல தம்பி.”

“அண்ணன் கஷ்டத்துல நான் நின்னேன், மறந்துட்டீங்களா?”

“மறக்கல. நல்லா ஞாபகம் இருக்கு. ஆனா ஜாமீன் போடுறதில்ல.”

மூன்று தடவை அதே வாக்கியம், கவனித்தீர்களா. அவர் ஒவ்வொரு முறையும் புதுக் கதவைத் தட்டுகிறார், நான் அவர் சொன்னதில் உண்மையை ஒப்புக்கொண்டு அதே இடத்துக்குத் திரும்புகிறேன். குரலை ஏற்ற வேண்டாம், இன்னும் கொஞ்சம் இறக்கினாலும் நல்லதே. வாக்கியத்தை மட்டும் மாற்றக் கூடாது. மாற்றினால் அங்கே ஒரு சந்து கிடைக்கும். நாலாவது தடவை கேட்டால் “சரி தம்பி, வெச்சிடட்டுமா” என்று சொல்லி வைத்துவிடலாம். எங்கள் பேச்சு நாலு நிமிடம்கூட ஓடவில்லை.

வைத்த பிறகு வருவது

குற்ற உணர்ச்சி வராமல் மறுப்பது எப்படி என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். முதல் சில தடவை அது வரும், வராமல் இருக்க வழி எனக்குத் தெரிந்து இல்லை. எனக்கு அன்று ராத்திரி வயிற்றைப் பிசைந்தது, தூக்கம் இல்லை. வெள்ளிக்கிழமை இன்னும் மோசம். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “ஒரு வீட்டுக்குள்ள கையெழுத்துக்குக் கணக்கு பாக்குற காலமாப் போச்சு” என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். ஞாயிறு வாக்கில்தான் கொஞ்சம் குறைந்தது.

இந்த நாலைந்து நாளில்தான் ஆட்டம் கைமாறுகிறது. மறுத்ததற்கு ஈடு கட்டத் தோன்றும். வெள்ளிக்கிழமை இரவு நான் வாட்ஸ்அப்பில் “தம்பி, முன்பணத்துக்கு 50,000 நான் தரேன்” என்று அடித்துவிட்டேன், அனுப்பவில்லை. என்னிடம் அந்தப் பணமே இல்லை, நகையை வைத்துத்தான் கொடுத்திருக்க வேண்டும். முன்வாசலில் மறுத்துவிட்டுக் கொல்லைப்புறமாகச் சம்மதிப்பது என்றால் இதுதான். அதனால் எனக்கு நானே ஒரு விதி வைத்திருக்கிறேன்: மறுத்த நாளிலிருந்து ஏழு நாள், அந்த ஆளுக்குப் பணமோ பொருளோ தருவதாகச் சொல்லக் கூடாது. எட்டாவது நாளும் கொடுக்கத் தோன்றினால், திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்கிற தொகையைக் கொடுக்கலாம்.

தூக்கம் வராத நேரத்தில் இரண்டு கேள்வி உதவியது. செய்கிறேன் என்று வாக்கு கொடுத்து மீறினேனா? அவருக்குச் சேர வேண்டியதை எடுத்துக்கொண்டேனா? இரண்டுக்கும் இல்லை என்றால் நடந்தது குற்றம் இல்லை, ஒருவருக்கு என்மேல் வருத்தம். அடுத்தவர் வருத்தத்தையெல்லாம் என் தப்பு என்று எழுதிக்கொள்ளும் பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. பதில் ஆம் என்று வந்தால் அது வேறு, போய் மன்னிப்பு கேட்டுச் சரிசெய்ய வேண்டியதுதான்.

வண்டி என்ன ஆயிற்று என்றால், அவர் மச்சானை ஜாமீன் போட வைத்து வாங்கிவிட்டார். இன்று வரை தவணை ஒழுங்காகத்தான் போகிறது. இதைச் சொல்லாமல் விட்டால் நான் மறுத்தது சரிதான் என்று நிரூபிக்க அவர் ஓடிப்போனதாக நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள். மூன்று மாதம் அவர் என்னிடம் சரியாகப் பேசவில்லை, பொங்கலுக்கு வந்தபோது பழையபடி ஆகிவிட்டார்.

சின்னதில் பழகுவது

கொழுந்தனாரில் தொடங்காதீர்கள், தாங்காது. நான் ஷேர் ஆட்டோவில் தொடங்கினேன். பின் சீட்டில் ஏற்கெனவே நெருக்கி உட்கார்ந்திருக்கும்போது “கொஞ்சம் தள்ளுங்கம்மா” என்று இன்னொருவரை ஏற்றுவார் டிரைவர். “இடம் இல்லண்ணா” என்று சொல்லிவிட்டு, பிறகு ஒன்றும் பேசாமல் இருப்பதுதான் பயிற்சி. அந்தப் பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தால் தெரியும். அடுத்து மீன் கடை, “ரெண்டு கிலோவா எடுத்துக்கோம்மா” என்றால் “ஒரு கிலோதான்”. அப்புறம் எம்.சி. ரோடு. இருபது புடவை பிரித்த பிறகு “எதுவும் பிடிக்கலப்பா, வரேன்” என்று எழுந்து வர எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. படிக்கட்டு இறங்கும் வரை முதுகு கூசியது. அந்தப் பையன் அடுத்த ஆளுக்கு விரிக்க ஆரம்பித்திருந்தான்.

மிரட்டி வாங்கப்படும் கையெழுத்துக்கு இதெல்லாம் உதவாது. கந்துவட்டிக்காரர் ஆள் வந்து நிற்கிறார், அல்லது வீட்டிலேயே அடித்துக் கேட்கிறார்கள் என்றால் வாக்கியத்தைச் சரியாக அமைப்பதில் பயனில்லை. பெண்களுக்கு 181 இருக்கிறது, கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-லேயே தனிச் சட்டம் வந்திருக்கிறது. முதலில் பத்திரமான இடத்துக்குப் போங்கள்.

ஏற்கெனவே போட்டுவிட்டால்

பணம் இன்னும் கைமாறவில்லை என்றால் அன்றைக்கே கடன் தருகிற இடத்துக்குப் போய், என் ஜாமீனைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுத்தில் கொடுங்கள். கடன் வாங்குகிறவரிடம் சொல்வது மட்டும் போதாது. பணம் கொடுத்தாயிற்று என்றால் அந்தக் கடனிலிருந்து நாமாக விலக முடியாது. ஆனால் மாதாமாதம் தவணைச் சீட்டைக் கேட்டுப் பார்க்கலாம், நம் சிபில் அறிக்கையையும் எடுத்துப் பார்க்கலாம், ஒரு தவணை தவறியதும் தெரிந்துவிடும். கடைசியில் நாம் கட்ட வேண்டி வந்தால், அதே ஒப்பந்தச் சட்டத்தின் 140-ஆம் பிரிவு கடன் கொடுத்தவருக்கு இருந்த உரிமையை நமக்குத் தருகிறது, கடன் வாங்கியவரிடம் நாம் வசூலிக்கலாம். அதற்குக் கட்டிய ரசீதுகள் எல்லாம் வேண்டும். என்னுடைய 86,800-க்கு நான் ஒன்றைக்கூட எடுத்து வைக்கவில்லை.

விலகல் கடிதம் கொடுக்கும்போது இரண்டு பிரதி கொண்டு போய், ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். கவுன்டரில் இருப்பவர் கடிதத்தை வாங்கி மேஜைமேல் போட்டுவிட்டு “வெச்சிட்டுப் போங்கம்மா, பார்க்கலாம்” என்றுதான் சொல்வார்.